41 ஸ்லைடு, 8 நிமிடம், ஒரு ராத்திரி



நாளை காலை ஒரு அரங்கத்துல பேசணும். கையில 41 ஸ்லைடு இருக்கு. பேசக் கிடைச்ச நேரம் 8 நிமிஷம். இப்ப மணி ராத்திரி பத்து.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

பெரும்பாலானவர்கள் "கொஞ்சம் வேகமா பேசிடலாம்" என்று தான் நினைப்போம். 8 நிமிடம் என்பது 480 விநாடி. அதை 41-ஆல் வகுத்தால் ஒரு ஸ்லைடுக்கு 12 விநாடி கூட வராது. ஒரு ஸ்லைடின் தலைப்பை வாசித்து மூச்சு விடுவதற்குள் 12 விநாடி போய்விடும். எவ்வளவு வேகமாகப் பேசினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த நிலைமையில் சிக்கிய ஒரு ஹவுஸ் சர்ஜன் மாணவியின் கதையைத் தான் இந்தத் தொடரில் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். தங்கை என்றே சொல்கிறேன்.

எம்பிபிஎஸ் முடித்தவர்கள் ஓராண்டு பயிற்சி மருத்துவராக இருக்கும்போது கிராமப்புறப் பணிக்கும் போவார்கள். அப்படி எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர். நல்ல உழைப்பாளி. நோயாளிகளிடம் கனிவாகப் பேசுவார். ஆனால் பத்து பேர் முன்னால் எழுந்து நின்றால் குரல் உள்ளே போய்விடும்.

அவருக்குக் கல்லூரியில் ஒரு கருத்தரங்கில் பேச வாய்ப்பு வந்தது. தலைப்பு பாம்புக்கடி. 8 நிமிடம் பேச்சு, 2 நிமிடம் கேள்வி. கேட்க வருபவர்கள் பேராசிரியர்கள் மட்டும் இல்லை. சுற்று வட்டார அரசு மருத்துவமனைகளில் இருந்து மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்புநர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

இரண்டு நாள் முன்னால் துறையில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். 8 நிமிடம் முடிந்ததும் பேராசிரியர் நிறுத்தச் சொல்லிவிட்டார். தங்கை அப்போது 14-வது ஸ்லைடில் நின்று கொண்டிருந்தார். "இப்படியே வந்தா மேடை ஏற வேணாம்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு எனக்கு கேஷுவாலிட்டி டியூட்டி. பத்து மணிக்கு லேப்டாப்போடு வந்து நின்றார்.

"அண்ணா, எனக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுடலாமான்னு இருக்கு."

"லீவு அப்புறம் போடலாம். முதல்ல காட்டும்மா."

காட்டினார்.

முதல் ஸ்லைடு தலைப்பு. இரண்டாவது பொருளடக்கம். மூன்றாவது, இந்தியாவில் பாம்புக்கடி இறப்புகள்: 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். நான்காவது, பாம்புகளின் வகைப்பாடு. பிறகு விஷத்தில் உள்ள நொதிகள் ஆறு ஸ்லைடு. பிறகு ஒன்பது கட்டங்கள் உள்ள ஒரு அட்டவணை. பொடி எழுத்து, முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் படிக்க முடியாது.

எல்லாம் சரியான தகவல் தான். ஒரு தப்பு கூட இல்லை. பாடப்புத்தகத்தில் இருப்பது அப்படியே இருந்தது.

33-வது ஸ்லைடு வந்ததும் நான் நிறுத்தச் சொன்னேன்.

அதில் எங்கள் மருத்துவமனைக்கே வந்த ஒரு நோயாளியின் கதை இருந்தது. சாயங்காலம் புல் அறுக்கப் போன ஒரு அக்காவுக்குக் காலில் கடி. பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. கடித்த இடத்தில் லேசான வீக்கம், அவ்வளவு தான்.

இந்த மாதிரி வரும்போது செய்யும் பரிசோதனை ஒன்று உண்டு. 20 நிமிட ரத்த உறைதல் டெஸ்ட். சிரையில் இருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ஒரு பொருள். தண்ணீர் போல ஓடினால், கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்தான ஏஎஸ்வி ஏற்ற வேண்டும்.

அந்த அக்காவின் ரத்தம் 20 நிமிடம் கழித்தும் ஓடியது. ஏஎஸ்வி பத்து குப்பி எடுத்து வைத்தாகிவிட்டது.

அப்போது டியூட்டியில் இருந்த சீனியர் சிஸ்டர் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது பிளாஸ்டிக்காச்சே" என்றார். கண்ணாடிக் குழாய் தீர்ந்து போனதால் யாரோ பிளாஸ்டிக் குழாயில் எடுத்து வைத்திருக்கிறார்கள். சிஸ்டர் உள்ளே போய் இரண்டு புதிய கண்ணாடிக் குழாய் தேடி எடுத்து வந்தார். ஒன்றில் அந்த அக்காவின் ரத்தம். இன்னொன்றில் ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல உடல்நிலையில் இருந்த ஒருவரின் ரத்தம்.

20 நிமிடம். இரண்டுமே உறைந்தது.

தொடர்ந்து திரும்பத் திரும்பச் செய்த பரிசோதனைகளும் இயல்பாகவே இருந்தன. 24 மணி நேரம் கண்காணித்து வீட்டுக்கு அனுப்பினோம். ஒரு குப்பி ஏஎஸ்வி கூட தேவைப்படவில்லை.

ஒத்திகையில் தங்கை நின்றது 14-வது ஸ்லைடு. இந்தக் கதை இருந்தது 33-வது ஸ்லைடு. அதாவது அவரிடம் மட்டுமே இருந்த, வேறு யாராலும் சொல்ல முடியாத ஒரே விஷயம் அரங்கத்துக்குள் வரவே இல்லை.

"இத ஏம்மா இவ்ளோ பின்னாடி வெச்சே?"

"முன்னாடி பேசிக்ஸ் சொல்லணும்ல அண்ணா. யாராச்சும் வகைப்பாடு கேட்டா? நொதி கேட்டா?"

இங்கே தான் விஷயம் இருக்கிறது. 41 ஸ்லைடையும் கட்டியது அவருடைய பயம். மனசுக்குள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஸ்லைடு. "இது கேட்டா என்ன பண்றது?" என்று தோன்றும்போதெல்லாம் ஒன்று சேர்ந்திருக்கிறது. பயந்தவர் பேச்சு நீளமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இது தான்.

சரி, குறைக்கலாம் என்று உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து, "அண்ணா, 16 ஆக்கிட்டேன்" என்றார்.

"எழுந்து நில்லு. போன்ல டைமர் போடு. வாய் விட்டுப் பேசு."

இது ரொம்ப முக்கியம் நட்புகளே. மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் எல்லாப் பேச்சும் நேரத்துக்குள் முடிந்துவிடும். வாய் விட்டுப் பேசும்போது தான் மூச்சு வாங்கும், வார்த்தை தடுக்கும், அடுத்த ஸ்லைடுக்கு மாற நேரம் ஆகும். உட்கார்ந்து மனசுக்குள் படித்த நேரத்தை நம்பவே கூடாது.

டைமர் 8 நிமிடம் காட்டியபோது அவர் 6-வது ஸ்லைடில் நின்றார்.

என்ன ஆச்சு? இரண்டு மூன்று ஸ்லைடுகளை ஒன்றாக்கி, எழுத்தைச் சின்னதாக்கி விட்டிருக்கிறார். ஸ்லைடு குறைந்தது, சொல்ல வேண்டியது குறையவில்லை. மூன்று மூட்டைச் சாமானை ஒரே மூட்டையில் அமுக்கிக் கட்டினால் எடை குறையுமா? அதே எடை தான். இப்போது தூக்கவும் கஷ்டம்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணி பதினொன்றரை.

ஒரு ஓபி சீட்டைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். "நாளைக்கு உன் பேச்சைக் கேட்ட ஒரு சிஸ்டர், நாளை மறுநாள் காலையில டியூட்டிக்குப் போய் என்ன மாத்திச் செய்யணும்? ஒரே வாக்கியம் எழுது."

முதலில் எழுதியது: "பாம்புக்கடி ஒரு முக்கியமான பொது சுகாதாரப் பிரச்சினை."

இதைக் கேட்ட சிஸ்டர் மறுநாள் என்ன மாற்றிச் செய்வார்? ஒன்றும் இல்லை.

அடித்துவிட்டு இரண்டாவதாக எழுதியது: "20 நிமிட டெஸ்ட் மிகவும் அவசியம்." அது அங்கே எல்லோருக்கும் தெரியும். டெஸ்ட் செய்து கொண்டு தான் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, கொஞ்சம் யோசித்து எழுதினார்: "20 நிமிட டெஸ்ட்டைப் புதிய கண்ணாடிக் குழாயில் செய்யாவிட்டால் ரிசல்ட் பொய் சொல்லும், அதனால் கேஷுவாலிட்டி ட்ரேயில் எப்போதும் கண்ணாடிக் குழாய் இருக்க வேண்டும்."

அந்த வாக்கியம் வந்ததும் அவர் முகமே மாறியது.

அந்த நேரம் நெஞ்சுவலியோடு ஒரு பெரியவர் வந்தார். நான் எழுந்து போக வேண்டியதாயிற்று. போகும்போது இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். ஒன்று, பழைய ஃபைலை அப்படியே வைத்துவிட்டு வேறு பெயரில் ஒரு நகல் எடு. அழிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் கை வெட்டாது. இரண்டு, எந்த ஸ்லைடையும் அழிக்காதே. தேவையில்லாததை "நன்றி" ஸ்லைடுக்குப் பின்னால் தள்ளு. யாராவது கேள்வி கேட்டால் அங்கிருந்து எடுக்கலாம்.

மீதியை அவர் தனியாகச் செய்தார். எப்படிச் செய்தார் என்று பிறகு சொன்னதை எழுதுகிறேன்.

எல்லா ஸ்லைடும் சின்னச் சின்னக் கட்டமாக ஒரே திரையில் தெரிகிற மாதிரி வைத்துக் கொண்டார். ஓபி சீட்டைப் பக்கத்தில் வைத்துக் கொண்டார். ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து ஒரே கேள்வி: "இதை எடுத்துட்டா அந்த வாக்கியம் விழுந்துடுமா?"

12 லட்சம் இறப்பு? விழாது. அந்த அரங்கத்தில் இருப்பவர்களுக்குப் பாம்புக்கடி ஆபத்து என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. பின்னால் போனது.

வகைப்பாடு? பின்னால். ஆறு நொதி ஸ்லைடு? பின்னால். ஒன்பது கட்ட அட்டவணை? அதில் ஒரே ஒரு வரி தான் தேவைப்பட்டது. அந்த வரி மட்டும் பெரிய எழுத்தில் தங்கியது.

ஒரு இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது. இருளர் மக்கள் பற்றிய ஸ்லைடு. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், ஏஎஸ்வி தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. படங்களோடு மூன்று நாள் உட்கார்ந்து செய்த ஸ்லைடு அது. இருப்பதிலேயே அழகான ஸ்லைடும் அது தான்.

ஆனால் அதை எடுத்தால் கண்ணாடிக் குழாய் வாக்கியம் விழுமா? விழாது.

"அத பின்னாடி தள்ளும்போது தான் அண்ணா ரொம்ப வலிச்சுது" என்றார். மற்றதை எல்லாம் யாரும் வெட்டலாம். நமக்குப் பிடித்ததை நகர்த்துவது தான் இந்த வேலையில் கடினமான பகுதி. அது கெட்ட ஸ்லைடு இல்லை, வேறொரு பேச்சுக்கான ஸ்லைடு.

இரண்டு மணிக்கு நான் திரும்பி வந்தபோது 7 ஸ்லைடு இருந்தது.

முதல் ஸ்லைடிலேயே அந்த அக்காவின் கால். கீழே ஒரே வரி: "20 நிமிடம் முடிந்தது. ரத்தம் உறையவில்லை. ஏஎஸ்வி தொடங்கலாமா?" 33-வதில் இருந்தது இப்போது முதலாவது.

இரண்டாவது, டெஸ்ட் செய்யும் முறை. மூன்றாவது, அதே அக்காவின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைந்து நிற்கும் படம்.

நான்காவது, காரணம். ரத்தம் கண்ணாடிச் சுவரைத் தொட்டதும் உறைதல் வேலை தூண்டப்படுகிறது. பிளாஸ்டிக் அந்த அளவுக்குத் தூண்டாது. கழுவிய குழாயில் சோப்பு மிச்சம் இருந்தாலும் இதே சிக்கல் தான். விஷமே ஏறாத ஆளின் ரத்தம் கூட உறையாமல் நிற்கலாம்.

ஐந்தாவது, தப்பான ரிசல்ட்டின் விலை. ஏஎஸ்வி குதிரையின் ரத்தத்தில் இருந்து தயாராகிறது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தேவைப்படுபவருக்கு அது உயிர் காக்கும் மருந்து, தயங்கவே கூடாது. தேவையில்லாதவருக்கு ஏன் அந்த ஆபத்து?

ஆறாவது, இந்த டெஸ்ட்டின் எல்லை. ஒரு முறை உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. விஷம் மெதுவாகவும் ஏறலாம், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும், அங்கே ரத்தம் நன்றாக உறையும். கண் இமை சொருகுகிறதா, மூச்சு திணறுகிறதா என்று தான் பார்க்க வேண்டும். (இதைப் படிக்கும் பொதுமக்களுக்கு: இது மருத்துவமனையில் செய்யும் டெஸ்ட். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசைவைக் குறைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.)

ஏழாவது, மூன்று வரி. ட்ரேயில் புதிய கண்ணாடிக் குழாய். பக்கத்தில் டைமர். சந்தேகம் வந்தால் நல்ல உடல்நிலையில் உள்ளவரின் ரத்தத்தோடு ஒப்பீடு.

மறுபடியும் எழுந்து நின்று டைமர் போட்டார். 9 நிமிடம் 40 விநாடி.

இப்போது ஸ்லைடை வெட்டவில்லை, பேச்சை வெட்டினோம். ஸ்லைடில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்துக் கொண்டிருந்தார். அதை நிறுத்தினால் போதும். திரையில் நிறைய எழுத்து இருந்தால் பார்ப்பவர் படிக்க ஆரம்பித்துவிடுவார், நாம் பேசுவது காதில் ஏறாது. படம் திரையில் இருக்கட்டும், விளக்கம் வாயில் இருக்கட்டும்.

அடுத்த முறை 7 நிமிடம் 10 விநாடி. மிச்சம் இருக்கும் 50 விநாடியை நிரப்ப வேண்டாம் என்றேன். மேடையில் மைக் சரி செய்யவும், தண்ணீர் குடிக்கவும், ஒரு வரியைத் திரும்பச் சொல்லவும் அது தேவைப்படும்.

இவ்வளவு செய்ததும் பயம் போய்விட்டதா? இல்லை. அட்ரினலின் சுரந்தால் வாய் வறளும், இதயம் படபடக்கும், விரல் நடுங்கும். ஸ்லைடை வெட்டினால் அட்ரினலின் குறையாது. ஆனால் பயந்திருக்கும் மூளை நினைவில் வைக்க வேண்டிய சுமை குறையும்.

அந்தப் படபடப்பு முதல் ஒரு நிமிடம் தான் உச்சத்தில் இருக்கும். அதனால் முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். நடுவில் உள்ளது கதை, அது தானாக வரும். மொத்தத்தையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தாலும் எல்லாம் நின்றுவிடும்.

லேசர் பாயின்ட்டர் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். கையில் இருக்கும் சின்ன நடுக்கம் திரையில் பெரிய ஆட்டமாகத் தெரியும். அதற்குப் பதில் படத்திலேயே பார்க்க வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் கொண்டார்.

கடைசியாக, பின்னால் தள்ளிய ஸ்லைடுகளில் கேள்வி வரக்கூடிய சிலவற்றின் எண்ணை ஓபி சீட்டில் குறித்துக் கொண்டார். பவர்பாயின்ட் ஓடும்போது 19 என்று தட்டி Enter அழுத்தினால் நேராக 19-வது ஸ்லைடுக்குப் போய்விடும். தேடித் திணற வேண்டாம்.

மூன்று மணிக்குத் தூங்கப் போனார்.

மறுநாள் மதியம் போன் வந்தது. ஏழரை நிமிடத்தில் முடித்துவிட்டாராம். ஆரம்பத்தில் குரல் நடுங்கியதாம். "ஏஎஸ்வி தொடங்கலாமா?" என்று கேட்டதும் அரங்கத்தில் பாதிப் பேர் கை தூக்கினார்களாம். மூன்றாவது ஸ்லைடு வந்ததும் அமைதியாகிவிட்டார்களாம். அதற்குப் பிறகு தனக்கு நடுக்கம் இருந்ததா என்றே ஞாபகம் இல்லை என்றார்.

இரண்டு கேள்வி. ஏஎஸ்வி கொடுத்த பிறகு எப்போது மறுபடி டெஸ்ட்? 19 தட்டினார், Enter. ஆறு மணி நேரம் கழித்து. கல்லீரல் உறைதல் காரணிகளைத் திரும்ப உருவாக்க அந்த நேரம் வேண்டும்.

இரண்டாவது, பச்சை விரியன் கடிக்கு நம்மிடம் உள்ள ஏஎஸ்வி வேலை செய்யுமா? அதற்கு அவரிடம் ஸ்லைடு இல்லை. "நாலு பாம்புகளின் விஷத்துக்கு எதிராத் தான் இது தயாராகுதுன்னு தெரியும் சார். அதுக்கு மேல படிச்சுட்டு வந்து சொல்றேன்." பேராசிரியர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். 41 ஸ்லைடு போட வைத்தது இந்த நிமிடத்தைப் பற்றிய பயம் தான். அது ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் டீ இடைவேளையில் வேறொரு மருத்துவமனை சிஸ்டர் வந்து, "பாப்பா, அந்தக் கடைசி ஸ்லைடை போட்டோ எடுத்துக்கட்டுமா? எங்க ட்ரேயில பிளாஸ்டிக் தான் கிடக்கு" என்று கேட்டிருக்கிறார்.

நாளை உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இப்படி ஒரு பேச்சு இருந்தால், லேப்டாப்பைத் திறக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டு எடுங்கள். கேட்பவர் மறுநாள் என்ன மாற்றிச் செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியத்தைத் தாங்காத ஸ்லைடு எவ்வளவு அழகாக இருந்தாலும் "நன்றி"க்குப் பின்னால் போகட்டும். பிறகு எழுந்து நின்று, டைமர் போட்டு, வாய் விட்டுப் பேசிப் பாருங்கள்.